பயணத்தில் இரண்டாம் திரை: டேப்லெட்டை மடிக்கணினியோடு எந்த வழியில் இணைப்பது?

தணிக்கைப் பணிக்காக மாதத்தில் ஐந்தாறு நாட்கள் வெளியூர் விடுதிகளில் தங்க நேர்பவன் நான். அலுவலக மேசையில் எனக்கு இரண்டு திரைகள் உண்டு. ஒன்றில் வங்கி அறிக்கை திறந்திருக்கும், மற்றதில் டேலியின் பேரேடு இருக்கும், கண் மட்டும் இடமும் வலமும் போய்வரும். வெளியூர் வந்துவிட்டால் 14 அங்குல மடிக்கணினி ஒன்றுதான். Alt + Tab விசைகளை அழுத்தி அழுத்தி இரண்டு சாளரங்களுக்கிடையே தாவும்போது, எந்த வரியில் விட்டோம் என்பது பத்து முறைக்கு ஒருமுறையாவது மறந்துபோகும். இரவில் படம் பார்ப்பதற்காகப் பையில் கிடந்த 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டை இரண்டாம் திரையாக்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பல வழிகளில் செய்து பார்த்ததில் எது எங்கே நிற்கிறது, எது எங்கே காலை வாருகிறது என்பதை இங்கே ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

இதைப் பற்றித் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எந்தச் செயலி நல்லது என்பதைத்தான். பயணத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இரண்டாம் பட்சம். மடிக்கணினியிலிருந்து டேப்லெட்டுக்குப் படம் எந்தப் பாதையில் போகிறது என்பதே முதலில் முடிவாக வேண்டியது. இரண்டு கருவிகளும் நடுவில் யாருமின்றி நேரடியாக வைஃபை அலையில் பேசிக்கொள்வது ஒரு பாதை. இரண்டும் ஒரே ரவுட்டரிலோ ஹாட்ஸ்பாட்டிலோ சேர்ந்து அதன் வழியாகப் பேசுவது இரண்டாவது. கேபிள் மூன்றாவது. வீட்டில் நம் சொந்த ரவுட்டர் இருப்பதால் மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்து, வேறுபாடே தெரியாமல் போகிறது. விடுதி அறையில்தான் அவை பிரிந்து நிற்கின்றன.

எந்தப் பாதையானாலும், அதில் போவது சுருக்கப்பட்ட வீடியோ என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 1920 × 1080 பிக்சல் கொண்ட ஒரு திரையை வினாடிக்கு 60 முறை அப்படியே அனுப்புவதென்றால் வினாடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் தேவைப்படும். எச்டிஎம்ஐ கேபிள் அதைத் தாங்கும். விடுதி அறை வைஃபை தாங்காது. ஆகவே மடிக்கணினி அந்தப் படத்தை வினாடிக்கு 10, 20 மெகாபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்புகிறது, டேப்லெட் அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கி விரிக்கும் இந்த வேலைக்குப் பிடிக்கும் நேரந்தான் சுட்டியை நகர்த்தும்போது தெரியும் சிறு பின்தங்கல். சுருக்கலில் இழந்த நுணுக்கந்தான் எழுத்தில் தெரியும் மங்கல். படம் பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் 3,850 என்ற தொகை 8,850 போலத் தெரிந்தால் என் வேலை கெட்டுவிடும். இந்த மங்கலுக்குப் பின்னர் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு நேர்மையான கேள்வி: இணைக்கத்தான் வேண்டுமா? வங்கி அறிக்கையின் பிடிஎஃப் கோப்பை டேப்லெட்டில் ஏற்றி அங்கேயே திறந்து வைத்துக்கொண்டால் வைஃபையும் வேண்டாம், மங்கலும் இல்லை, பின்தங்கலும் இல்லை. வாசிக்க மட்டுமே இரண்டாம் திரை தேவைப்படுபவர்களில் பாதிப் பேருக்கு இதுவே சிறந்த வழி என்று தயங்காமல் சொல்வேன். எனக்கு இது ஒத்துவராததற்கு இரண்டு காரணங்கள். வாடிக்கையாளரின் கோப்பு அலுவலக மடிக்கணினியை விட்டு என் சொந்த டேப்லெட்டுக்குப் போகக் கூடாது. திரையை நீட்டிக்கும்போது கோப்பு மடிக்கணினியிலேயே இருக்க, அதன் படம் மட்டுமே டேப்லெட்டுக்குப் போகிறது. இரண்டாவதாக, அறிக்கையிலிருந்து ஒரு காசோலை எண்ணை நகலெடுத்துப் பேரேட்டில் தேட வேண்டும் என்றால் இரண்டும் ஒரே கணினியின் சாளரங்களாக இருந்தாக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது உங்களுக்கும் பொருந்தினால் மேலே படிக்கலாம்.

நேரடிப் பாதை

விண்டோஸ் கணினிகளில் இந்தப் பாதைக்கு மிராகாஸ்ட் என்று பெயர். இரண்டு கருவிகளும் தங்களுக்குள் ஒரு தனி வைஃபை இணைப்பை உண்டாக்கிக்கொள்கின்றன; ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஓடும் ரயிலில், சிக்னலே இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும் என்பது பயணிக்குக் கிடைக்கும் பெரிய வசதி.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ எல்லா ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் திரையைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அது அனுப்பும் வசதி. நமக்கு வேண்டியது பெறும் வசதி. டேப்லெட் இங்கே தொலைக்காட்சியின் இடத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான டேப்லெட்டுகளில் இது கிடையாது. சாம்சங் நிறுவனம் தன் டேப் எஸ்7 வரிசையிலிருந்து Second screen என்ற பெயரில் இதைக் கொடுத்திருக்கிறது. திரையின் மேலிருந்து விரலை இழுத்தால் வரும் பலகையில் அந்தப் பெயர் கொண்ட பொத்தான் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சாம்சங் என்பதால் எல்லா மாதிரிகளிலும் இருக்கும் என்று நினைத்து விலை குறைந்த ஒன்றை வாங்கிவிடக் கூடாது. கடையில் கையில் எடுத்து, அந்தப் பொத்தானைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மடிக்கணினியின் பக்கமும் ஒருமுறை சோதிக்க வேண்டும். கட்டளைச் சாளரத்தில் இதை இடுங்கள்:

```
netsh wlan show drivers
```

வரும் நீண்ட பட்டியலின் கடைசிப் பகுதியில் Wireless Display Supported என்ற வரி இருக்கும். அதற்கு நேராக Yes என்றும், அடைப்புக்குள் Graphics Driver, Wi-Fi Driver இரண்டுக்கும் Yes என்றும் இருந்தால் வன்பொருள் தயார். இரண்டில் ஒன்றுக்கு No வந்தால் அந்த டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கலாம். அதன் பிறகும் No என்றால் இந்தப் பாதையை மறந்துவிட வேண்டியதுதான். அலுவலகம் கொடுத்த கணினியாக இருந்தால், வன்பொருள் தயாராக இருந்தும் நிர்வாகி இந்த வசதியை அடைத்து வைத்திருக்கக் கூடும். ஊருக்குக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இணைப்பது எளிது. டேப்லெட்டில் Second screen பொத்தானைத் தட்டி, மடிக்கணினியில் Win + K அழுத்தினால் வரும் பட்டியலில் டேப்லெட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் இரண்டு திரைகளிலும் ஒரே படம் தெரிந்தால், Win + P அழுத்தி Extend என்பதற்கு மாற்ற வேண்டும். டேப்லெட் இடப்பக்கம் இருக்க, சுட்டி வலப்பக்கம் போய் மறைந்தால், திரை அமைப்புகளில் இரண்டு கட்டங்களையும் மேசையில் இருக்கும் வரிசைக்கு இழுத்து வைத்தால் சரியாகிவிடும்.

இந்தப் பாதையில் வரும் சிக்கல் கொஞ்சம் மறைவானது. பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை சிப் ஒன்றுதான். அது ஒரே நேரத்தில் விடுதியின் வைஃபையோடும் டேப்லெட்டோடும் பேச வேண்டியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு சேனல்களில் இருந்தால், அந்த ஒரே சிப் இங்கே சிறிது நேரம், அங்கே சிறிது நேரம் என்று தாவிக்கொண்டே இருக்கும். இதன் அடையாளம் மிகத் தெளிவானது: டேப்லெட்டில் படம் சீராக ஓடிக்கொண்டிருக்கும், மேகச் சேமிப்பிலிருந்து ஒரு பெரிய கோப்பு இறங்கத் தொடங்கியதும் திக்கும், இறங்கி முடிந்ததும் மறுபடி சீராகும். அப்படியானால் குறை டேப்லெட்டிலோ மென்பொருளிலோ இல்லை. விடுதியின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பெயர்களில் கிடைத்தால் 5-ஐத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் பயன்படாவிட்டால், கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மடிக்கணினியோடு பிணைத்து இணையத்தை அதன் வழியாக எடுத்துக்கொண்டு, வைஃபை சிப்பை டேப்லெட்டுக்கு மட்டும் விட்டுவிட வேண்டும். நான் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

ஆப்பிள் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு இதே நேரடிப் பாதை சைட்கார் என்ற பெயரில் 2019 முதல் இருக்கிறது. மேக்கும் ஐபேடும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருந்து, இரண்டிலும் வைஃபையும் புளூடூத்தும் இயங்கி, ஏறத்தாழ 10 மீட்டருக்குள் இருந்தால் போதும். எழுத்தின் தெளிவிலும் சுட்டியின் வேகத்திலும் நான் பார்த்தவற்றில் இதற்கே முதலிடம். பயணத்தில் இடறும் இடங்கள் இரண்டு. அலுவலக மேக் அலுவலகக் கணக்கிலும், ஐபேட் சொந்தக் கணக்கிலும் இருந்தால் இணையவே இணையாது. மற்றொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: சிம் போட்ட ஐபேடின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து மேக்குக்கு இணையம் கொடுத்துக்கொண்டே அதே ஐபேடைக் கம்பியின்றித் திரையாகவும் வைத்துக்கொள்ள முடியாது; ஐபேட் தன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கக் கூடாது என்பது ஆப்பிள் விதித்த நிபந்தனை. இணையத்தைக் கைப்பேசியிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. மேக்கும் ஐபேடும் வைத்திருப்பவர் இதற்கு மேல் செயலி தேடி அலைய வேண்டியதில்லை.

பொது வலைப் பாதை

டேப்லெட்டில் பெறும் வசதி இல்லாதவர்கள்தான் அதிகம். என் முதல் டேப்லெட்டும் அப்படிப்பட்டதுதான். அவர்களுக்கு ஸ்பேஸ்டெஸ்க், டூயட் டிஸ்ப்ளே போன்ற செயலிகள் இருக்கின்றன. ஸ்பேஸ்டெஸ்க்கில் மடிக்கணினியில் ஒரு டிரைவரையும் டேப்லெட்டில் ஒரு செயலியையும் நிறுவ வேண்டும். கணினிப் பக்கம் விண்டோஸுக்கு மட்டுமே அது கிடைக்கிறது. தனிப்பட்ட பயனுக்கு இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்துபவர்கள் உரிமம் வாங்க வேண்டும். டூயட் டிஸ்ப்ளே மேக்குக்கும் விண்டோஸுக்கும் கிடைக்கிறது, கட்டணம் உண்டு. டிரைவரை நிறுவுவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால், அலுவலகக் கணினியில் இந்த வழி தொடக்கத்திலேயே நின்றுபோகலாம்.

வீட்டில் ஸ்பேஸ்டெஸ்க்கை நிறுவி, டேப்லெட்டில் திறந்தவுடன் மடிக்கணினியின் பெயர் தெரிந்தது, தட்டினேன், திரை நீண்டது. மறுவாரம் கோயம்புத்தூரில் ஒரு விடுதி. மடிக்கணினியையும் டேப்லெட்டையும் விடுதி வைஃபையில் சேர்த்தேன். இரண்டிலும் இணையம் நன்றாக வந்தது. ஆனால் செயலியில் மடிக்கணினியின் பெயர் வரவே இல்லை. கழற்றி மறுபடி நிறுவினேன், இரண்டையும் அணைத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் வீணான பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். டேப்லெட்டின் வைஃபை விவரத்தில் அதன் ஐபி முகவரியைப் பார்த்துக்கொண்டு, மடிக்கணினியிலிருந்து அதைத் தட்டிப் பார்த்தேன்:

```
ping 192.168.1.45
Reply from 192.168.1.23: Destination host unreachable.
```

விடை வந்திருப்பதைப் போலத் தோன்றினாலும், விடை சொல்லும் முகவரியைக் கவனிக்க வேண்டும். .23 என்பது என் மடிக்கணினியேதான். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது. ஒரே வைஃபையில், ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் இருந்தன.

இது கோளாறு அல்ல. விடுதிகள், விமான நிலையங்கள், விருந்தினர் வைஃபை தரும் அலுவலகங்கள் ஆகியவற்றில் ஒவ்வொரு கருவியும் இணையத்தோடு மட்டும் பேசலாம், பக்கத்துக் கருவியோடு பேசக் கூடாது என்று ரவுட்டரிலேயே தடுத்து வைப்பது வழக்கம். பக்கத்து அறைக்காரர் என் கணினியைத் துழாவாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. தடுத்திருப்பதே எனக்கும் நல்லது. வரவேற்பில் கேட்டு இதை மாற்ற முடியாது. கேட்டாலும், பாவம், அவர்களுக்கு என்ன சொல்கிறோம் என்றே புரியாது. மாறாக, ping-க்கு டேப்லெட்டின் முகவரியிலிருந்தே விடை வந்தும் செயலியில் கணினியின் பெயர் வராவிட்டால், தடை ரவுட்டரில் இல்லை. விண்டோஸின் ஃபயர்வால் அந்த வலையை Public என்று வகைப்படுத்தி உள்ளே வரும் இணைப்பை மறுத்துக்கொண்டிருக்கலாம். அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

பிறர் வலை தடுத்தால் சொந்த வலையை உண்டாக்கிக்கொள்வதே வழி. விண்டோஸின் அமைப்புகளில் Mobile hotspot என்றொரு வசதி உண்டு. மடிக்கணினி விடுதி வைஃபையிலேயே இருக்க, அது தன் பங்குக்கு இன்னொரு வைஃபையை ஒலிபரப்பும். டேப்லெட் அதில் சேரும். இப்போது நடுவில் விடுதியின் ரவுட்டர் இல்லை. இந்த ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியின் முகவரி வழக்கமாக 192.168.137.1 என்றே இருக்கும். செயலியில் பெயர் தானாக வராவிட்டாலும் இந்த எண்ணைக் கையால் இட்டால் போதும். ஊர் மாறினாலும் இது மாறுவதில்லை. விடுதியின் உள்நுழைவுப் பக்கத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஒருமுறைக் கடவுச்சொல் வாங்கும் சடங்கையும் மடிக்கணினிக்கு மட்டும் செய்தால் போதும், டேப்லெட்டுக்குத் தனியாக வேண்டாம். கோயம்புத்தூரில் அன்றிரவு பதினொரு மணிக்கு இப்படித்தான் திரை நீண்டது.

இதற்கும் எல்லை உண்டு. பகிர்வதற்கு ஏதாவது ஓர் இணைப்பு இல்லையென்றால் விண்டோஸ் இந்த ஹாட்ஸ்பாட்டைத் தொடங்க மறுக்கும். இணையமே இல்லாத இடத்தில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, மடிக்கணினி, டேப்லெட் இரண்டையும் அதில் சேர்க்கலாம். இங்கேதான் எங்கள் அலுவலகத்து அண்ணன் ஒருவர் பதறினார்: “தம்பி, படத்தை இப்படி ஓடவிட்டா என் ரெண்டு ஜிபி அரை மணி நேரத்துல தீர்ந்துடாதா?”

அவருடைய கணக்கு தவறில்லை. வினாடிக்கு 10 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி ஆகும். ஆனால் அந்தப் படம் கோபுரத்துக்குப் போவதே இல்லை. மடிக்கணினியிலிருந்து கைப்பேசிக்கு வந்து, அங்கிருந்தே டேப்லெட்டுக்குத் திரும்பிவிடுகிறது. கைப்பேசி இங்கே வெறும் ரவுட்டர். நாள் கணக்கிலிருந்து அது கழியாது. நம்பிக்கை வராதவர்கள் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் திறந்து வைத்துப் பார்க்கலாம். திரை அப்படியே ஓடும். உண்மையில் டேட்டாவைத் தின்பது வேறொன்று: வைஃபை கிடைத்துவிட்டது என்று நினைத்து விண்டோஸ் பின்னணியில் இறக்கிக்கொள்ளும் புதுப்பிப்புகள். அந்த வைஃபையின் பண்புகளில் Metered connection என்பதை இயக்கி வைத்தால் பெரும்பகுதி தவிர்ந்துவிடும்.

அலுவலக விபிஎன் இன்னொரு தடை. விபிஎன் இணைந்த நொடியில் டேப்லெட் கறுத்துப்போய், துண்டித்தவுடன் திரும்பி வந்தால், அந்த விபிஎன் உள்ளூர் வலைக்குப் போகும் எல்லாவற்றையும் தன் குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது என்று பொருள். நிறுவனம் மனம் வைத்து அமைப்பை மாற்றினால் ஒழிய நம்மால் ஆவது ஒன்றுமில்லை. விபிஎன் நாள் முழுவதும் இயங்க வேண்டிய வேலைக்கு இந்தப் பாதையை நம்பிப் புறப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் ஸ்பேஸ்டெஸ்க்கின் கன்சோலில் அதை அணைத்து வைப்பதும் நல்ல பழக்கம். தடுப்பு இல்லாத ஒரு திறந்த வைஃபையில் அதே செயலியை வைத்திருக்கும் வேறொருவரின் பட்டியலில் நம் கணினியின் பெயர் நிற்க வேண்டாம் அல்லவா?

கேபிள்

இதுவரை சொன்னது கம்பியில்லா இணைப்பைப் பற்றித்தான். ஆனாலும் பயணத்தில் கம்பி ஒன்று கையில் இல்லாமல் இதை நம்புவது சரியல்ல. ஸ்பேஸ்டெஸ்க்கின் கன்சோலில் ஆண்ட்ராய்டுக்கான யுஎஸ்பி கேபிள் இணைப்பை இயக்கிவிட்டால் வைஃபை தேவையே இல்லை. சைட்காரும் டூயட்டும்கூடக் கேபிளில் இயங்கும். சேனல் தாவலும் திக்கலும் கேபிளில் கிடையாது, டேப்லெட்டுக்கு ஓரளவு மின்சாரமும் கிடைக்கும். இழப்பது ஒன்றுதான்: டேப்லெட்டை மேசையில் நினைத்த இடத்தில் வைக்க முடியாது. ஒரு கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் இரண்டாம் திரைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு இழப்பாகவே தெரியவில்லை. கவனிக்க வேண்டியது, கேபிள் தரவையும் கடத்துகிறதா என்பது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்கள் ஏராளம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. டேப்லெட்டில் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினியின் கோப்புச் சாளரத்தில் டேப்லெட் தோன்றவே இல்லை என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளைத்தான்.

மங்கலும் அதைக் குறைப்பதும்

இனி அந்த 3-க்கும் 8-க்கும் வருவோம். படத்தைச் சுருக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சம் முழுமையாகவும், நிறம் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கிலும் அனுப்பப்படுவது வழக்கம். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால் திரைப்படத்தில் இது தெரியாது. மெல்லிய வண்ண எழுத்தில் தெரியும். வெள்ளையில் கறுப்பாக இருக்கும் எண்கள் பிழைத்துக்கொள்ளும். எதிர்மறைத் தொகைகளைச் சிவப்பில் காட்டும் அறிக்கையில் அந்தச் சிவப்பு எண்களின் ஓரம் மட்டும் கரைந்து, 3-இன் திறந்த பக்கம் மூடியது போலத் தோன்றும். தமிழில் ணை, னை போன்ற சுழி மிகுந்த எழுத்துகள் சிறிய அளவில் இதே மாதிரி அடைபடும்.

ஆகவே நான் வைத்திருக்கும் ஒழுங்கு எளியது. பேரேடு மடிக்கணினியின் சொந்தத் திரையில். அசையாமல் நிற்கும் வங்கி அறிக்கை டேப்லெட்டில். அசையாத பக்கத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: பக்கத்தை உருட்டும்போது கலங்கும் எழுத்து, உருட்டல் நின்ற ஒரு நொடிக்குள் தெளிந்துவிடும். தெளியவே இல்லையென்றால் இணைப்பு திணறுகிறது என்று பொருள். அப்போது செயலியின் அமைப்பில் ஃபிரேம் எண்ணிக்கையை வினாடிக்கு 30 ஆகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிட்டு, படத்தின் தரத்தை உயர்த்த வேண்டும். எண்களை வாசிப்பவருக்கு வேகத்தைவிடத் தெளிவே முக்கியம். விண்டோஸின் திரை அமைப்பில் டேப்லெட்டுக்கு மட்டும் Scale அளவை 150 விழுக்காடாக வைத்தால் எழுத்து பெரிதாகி, இந்தக் கரைசல் ஏறத்தாழ மறைந்துபோகும். ஒரு பார்வைக்குக் கிடைக்கும் வரிகள் குறையும். 11 அங்குலத்தில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

ரயிலைப் பற்றியும் கேட்பார்கள். பகல் நேர நாற்காலிப் பெட்டியில் முன் இருக்கையின் தட்டில் மடிக்கணினி வைத்த பிறகு டேப்லெட்டுக்கு இடமில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் தட்டைக் கேட்டு வாங்கி ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் அவருக்குச் சாப்பாடு வந்துவிட்டது. நேரடிப் பாதை தொழில்நுட்பப்படி அங்கே வேலை செய்தாலும், இரண்டாம் திரை விடுதி மேசைக்கு உரியதென்றே இப்போது வைத்திருக்கிறேன்.

டேப்லெட்டா, தனித் திரையா?

இத்தனை பாடுபடுவதற்குப் பதிலாக யுஎஸ்பி-சி கேபிளில் இயங்கும் கையடக்கத் திரை ஒன்றை வாங்கிவிட்டால் என்ன? 15.6 அங்குலத்தில் கிடைக்கிறது, எழுத்தில் மங்கல் இல்லை, டிரைவர் வேண்டாம், விபிஎன் தொல்லை இல்லை. மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளை படத்தையும் கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எல்லா யுஎஸ்பி-சி துளையும் அப்படி அல்ல என்பதால் கணினியின் விவரக்குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாரமென்று பார்த்தால், உறையோடு சேர்த்து ஒரு கிலோவை நெருங்கும் பொருள் பையில் கூடுதலாக ஏறுகிறது. மின்சாரத்தையும் மடிக்கணினியின் மின்கலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். டேப்லெட்டுக்குத் தன் மின்கலம் உண்டு, எப்படியும் பையில் வரப்போகிற பொருள் அது.

முன் சொன்ன அலுவலகத்து அண்ணன் மாதத்தில் பதினைந்து நாள் வெளியூரில் இருப்பவர். அவருக்குத் தனித் திரையே சரி என்று நானே சொல்லி வாங்க வைத்தேன். ஐந்தாறு நாள் மட்டும் போகிற எனக்கு டேப்லெட் போதும். இரண்டாம் திரைக்காகவே புதிதாக ஒரு டேப்லெட் வாங்க நினைப்பவருக்கு மட்டும் வேண்டாம் என்பேன்; அந்தப் பணத்தில் பெரிய, தெளிவான தனித் திரையே கிடைக்கும். கையில் ஏற்கெனவே டேப்லெட் இருந்து, அது நேரடிப் பாதையை ஏற்பதாக இருந்தால், விண்டோஸோ மேக்கோ, அதிலேயே தொடங்கலாம். ஏற்காததாக இருந்தால் ஸ்பேஸ்டெஸ்க் போன்ற ஒன்றை நிறுவி, விடுதி வைஃபையை முயன்று நேரத்தை வீணாக்காமல், முதலிலிருந்தே மடிக்கணினியின் ஹாட்ஸ்பாட்டில் இயக்கலாம். இவர்களில் விபிஎன் அணைக்க முடியாதவரும் அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ முடியாதவரும் தனித் திரைக்குப் போய்விடலாம்.

இப்போது என்னிடம் இருப்பது Second screen பொத்தான் உள்ள டேப்லெட். அறைக்குப் போனதும் கைப்பேசியைக் கேபிளில் பிணைத்து இணையம் எடுத்து, Win + K அழுத்தினால் ஒரு நிமிடத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. ஆனாலும் ஸ்பேஸ்டெஸ்க்கைக் கணினியிலிருந்து நீக்கவில்லை. பையின் பக்கவாட்டு அறையில் ஒரு மீட்டர் கேபிள் ஒன்று எப்போதும் இருக்கிறது. சார்ஜர் கேபிளோடு கலந்துவிடாமல் இருக்க அதன் நுனியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.